ஸ்டேட்மென்ட்டைத் திருத்தாமல் யூகே மாணவர் விசாவுக்குப் பணம் காட்டுவது எப்படி?

கேள்வி: அண்ணா, செப்டம்பரில் யூகே-யில் லண்டனுக்கு வெளியே ஒரு யூனிவர்சிட்டியில் ஒரு வருஷ எம்எஸ்சி கிடைச்சிருக்கு. ஃபீஸ் 18,000 பவுண்டு, அதில் 6,000 கட்டியாச்சு. அப்பா அக்கவுண்டில் 4 லட்சம் இருக்கு, 3 லட்சத்துக்கு ஒரு எஃப்டி இருக்கு. ஏஜென்ட் "ஸ்டேட்மென்ட்டை எடிட் பண்ணி 28 லட்சம் காட்டிடலாம், எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க"ன்னு சொல்றார். பெரியப்பா ஓரளவு பணம் தர்றேன்னு சொல்லியிருக்கார். எடிட் பண்ணினா மாட்டுவோமா? வேற வழி இருக்கா?

பதில்: மாட்டுவீர்கள். வேறு வழியும் இருக்கிறது. உங்கள் வீட்டு நிலைமைக்கு அது எட்டாத வழியும் இல்லை. முதலில் ஏன் மாட்டுவீர்கள் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "எல்லாரும் இப்படித்தான்" என்ற பேச்சை வீட்டில் பெரியவர்களே நம்பிவிடுகிறார்கள்.

நீங்கள் கொடுக்கும் ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிற அதிகாரி தாளைப் பார்த்து மட்டும் முடிவு செய்வதில்லை. சந்தேகம் வந்தால் நேராக வங்கியிடம் கேட்பார்கள்: இந்தக் கணக்கு எண், இந்தப் பெயர், இந்தத் தேதியில் இருப்பு எவ்வளவு? கிளை என்ன பதில் சொல்கிறதோ அதுதான் கணக்கு. எடிட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வங்கியின் கணினியில் இருக்கிற 4 லட்சம் 28 லட்சம் ஆகப்போவதில்லை. வங்கியிடம் இப்படிச் சரிபார்க்க வழியில்லாத கணக்காக இருந்தால் அந்த ஆதாரத்தையே ஏற்கமாட்டார்கள். அதனால் "எங்கள் கிளைக்கு ஃபோன் போட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள்" என்று ஏஜென்ட் தைரியம் சொன்னால், அதுவும் உங்களுக்கு எதிராகத்தான் போகும்.

சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று ஒரே ஒரு உதாரணம் பார்ப்போம். சேமிப்புக் கணக்குக்கு வங்கி ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி கணக்கிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை வரவு வைக்கிறது. வட்டி ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதமும் 4 லட்சம் இருந்த கணக்கில் வட்டி சுமார் 2,500 ரூபாய் விழும். 28 லட்சம் இருந்திருந்தால் 17,500 விழுந்திருக்க வேண்டும். இருப்பை மாற்றுகிறவர்கள் இந்த வரியைத் தொடுவதில்லை. தொட்டால் அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு வரியின் இருப்பும் மாறவேண்டும், அப்பாவின் சம்பளம், ஈஎம்ஐ, ஏடிஎம்மில் எடுத்த பணம் எல்லாம் அதோடு ஒத்துப்போகவேண்டும். தினமும் இந்திய ஸ்டேட்மென்ட்டுகளையே பார்க்கிற ஒருவருக்கு இது கண்ணில் பட ஒரு நிமிடம் போதும். பல வங்கிகள் அனுப்பும் பிடிஎஃப்பில் மின் கையொப்பம் இருக்கிறது. கோப்பில் எதையாவது மாற்றிச் சேமித்தால் அது செல்லாததாகிவிடும்.

மாட்டினால் என்ன ஆகும்? வெறும் "பணம் போதவில்லை" என்று நிராகரித்தால் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். ஏமாற்று என்று முடிவு செய்தால் யூகே-க்குள் நுழைய 10 வருடத் தடை வரும். ஆவணம் போலி என்பது உங்களுக்கே தெரியாமல் இருந்தாலும் அந்த விண்ணப்பத்தை நிராகரிக்க அவர்களுக்கு இடம் உண்டு. அதாவது "ஏஜென்ட்தான் செய்தார்" என்பது உங்களைக் காப்பாற்றாது. கனடா இதற்கு 5 வருடத் தடை போடுகிறது. அமெரிக்கச் சட்டத்தில் இது பொதுவாக ஆயுள் முழுக்கத் தொடரும் தகுதியின்மை. யூகே, கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடியேற்றத் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. எதற்கு விண்ணப்பித்தாலும் "இதற்குமுன் விசா மறுக்கப்பட்டதா" என்ற கேள்வி படிவத்தில் நிற்கும்.

உங்கள் விஷயத்தில் உடனடியாகக் கையைக் கடிப்பது வேறொன்று. சாதாரணமாக விசா மறுக்கப்பட்டால் கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தரும் பல்கலைக்கழகங்கள், போலி ஆவணத்தால் மறுக்கப்பட்டால் தரமாட்டோம் என்று தங்கள் விதியில் எழுதி வைத்திருக்கின்றன. நீங்கள் கட்டிய 6,000 பவுண்டு நம் பணத்தில் 7 லட்சத்துக்கு மேல். உங்கள் பல்கலைக்கழகத்தின் பணம் திருப்பித் தரும் விதியை இன்றே எடுத்துப் படியுங்கள். இந்தியாவிலும் போலி ஆவணம் தயாரிப்பதும் அதை உண்மையானதாகக் காட்டிப் பயன்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றம். ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த போலிக்கு 7 ஆண்டு வரை சிறை. ஸ்டேட்மென்ட் அப்பாவின் பெயரில் இருப்பதால் விசாரணை அவர் வாசலுக்கும் வரும்.

இனி உருப்படியான பக்கத்துக்கு வருவோம். உங்களுக்கு எவ்வளவு தேவை என்று முதலில் கணக்குப் போடுங்கள். 2025 நவம்பரில் மாற்றிய விதிப்படி, வாழ்க்கைச் செலவுக்கு லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு காட்டவேண்டும். படிப்பு ஒரு வருடமானாலும் 9 மாதத்துக்கு மட்டும்தான் கேட்பார்கள். உங்களுக்கு 1,171-ஐ 9-ஆல் பெருக்கினால் 10,539 பவுண்டு. கட்டவேண்டிய மீதி ஃபீஸ் 12,000. ஆகமொத்தம் 22,539 பவுண்டு. பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 27 லட்சத்து 4 ஆயிரத்துச் சொச்சம். இந்தத் தொகைகள் அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் gov.uk தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். கட்டிய 6,000 பவுண்டு கழிய வேண்டுமானால் அது உங்கள் சிஏஎஸ்-இல், அதாவது பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிப் பதிவில், இருக்கவேண்டும், அல்லது பல்கலைக்கழகம் தந்த ரசீதை இணைக்கவேண்டும். சில சமயம் பணம் போய்ச் சேர்வதற்கு முன்பே சிஏஎஸ் தயாராகிவிடும், அதில் கட்டிய தொகை பூஜ்யம் என்று இருக்கும். அப்படி இருந்தால் விண்ணப்பிப்பதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். இன்னொன்று, ரூபாயை பவுண்டாக மாற்றுவதற்கு விண்ணப்பித்த நாளின் ஓண்டா இணையதள விலையை எடுத்துக்கொள்வார்கள். ரூபாய் இரண்டு ரூபாய் சரிந்தால் உங்களுக்கு 45,000 குறையும். அதனால் 27 லட்சம் தேவையென்றால் 28.5 லட்சத்துக்குத் திட்டமிடுங்கள்.

இப்போது இந்த 28.5 லட்சம் எங்கிருந்து வரும்? இதில் பெரும்பகுதி கல்விக் கடனாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். பல வீடுகளில் "கடன் வாங்கினால் விசா தரமாட்டார்கள்" என்று நினைத்து அதை மறைக்கிறார்கள். அது தப்பு. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ கொடுக்கும் கல்விக் கடன், யூகே மாணவர் விசாவுக்கு ஏற்கப்பட்ட ஆதாரம். கீழே சொல்லப்போகிற 28 நாள் கணக்கும் அதற்குக் கிடையாது.

ஆனால் கடன் அனுமதிக் கடிதத்தின் வாசகம் சரியாக இருக்கவேண்டும். உங்கள் பெயர், இது கல்விக் கடன் என்ற குறிப்பு, தொகை, பணம் எப்போது கிடைக்கும் என்பது, அல்லது ஃபீஸ் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் என்பது, இவ்வளவும் அதில் இருக்கவேண்டும். கடிதத்தின் தேதி விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் இருக்கவேண்டும். முக்கியமாக, பணத்தை விடுவிக்க விசா கிடைக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை இருக்கக்கூடாது. நம் ஊரில் பிரச்சினை இங்கேதான் வருகிறது. கிளையிலிருந்து முதலில் கொடுக்கும் கடிதத்தில் "சொத்து அடமானப் பதிவு முடிந்தபின்", "சட்ட ஆலோசகர் கருத்துக்கு உட்பட்டு" என்றெல்லாம் இருக்கும். அதைக் கொண்டுபோய்ப் பதிவேற்றினால் கடன் இன்னும் உறுதியாகவில்லை என்றுதான் அர்த்தம். அடமான வேலையை முடித்துவிட்டு, நிபந்தனை இல்லாத கடிதம் வாங்கிக்கொண்டு விண்ணப்பியுங்கள். கடன் உங்கள் பெயரில், அப்பா கூட்டுக் கடன்தாரராக இருப்பது வழக்கமான ஏற்பாடுதான். அப்பா பெயரில் தனிநபர் கடன் எடுத்து அதன் கடிதத்தைக் கல்விக் கடன் என்று காட்டமுடியாது.

பொதுத்துறை வங்கிகளில் பொதுவாக 4 லட்சம் வரை ஈடு கேட்பதில்லை, 7.5 லட்சம் வரை ஜாமீன் கேட்பார்கள், அதற்கு மேல் சொத்து வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு மொத்தச் செலவில் 15 சதவீதத்தை நீங்கள் போடவேண்டும் என்பதும் வழக்கம். வீட்டை ஈடு வைப்பதென்றால் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி, வரி ரசீது எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுங்கள். வங்கியின் வழக்கறிஞர் பார்த்து, மதிப்பீட்டாளர் வந்து போய், அடமானம் முடிய ஒரு மாதம், ஒன்றரை மாதம் எளிதாக ஓடிவிடும். தாத்தா பெயரிலேயே இருக்கிற பட்டா, அங்கீகாரமில்லாத மனை, விவசாய நிலம் ஆகியவற்றில் பெரும்பாலும் முட்டுக்கட்டை விழும். சொத்து இல்லாதவர்களுக்கு ஈடில்லாமல் கொடுக்கும் நிதி நிறுவனங்கள் உண்டு. வட்டி கூடுதல், கூட்டுக் கடன்தாரரின் வருமானத்தையும் கிரெடிட் ஸ்கோரையும் பார்ப்பார்கள். படித்து முடித்து வேலை கிடைக்காமல் ஆறு மாதம் போனாலும் அந்த ஈஎம்ஐயை அப்பாவால் சமாளிக்க முடியுமா என்று அவரோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

உங்கள் கணக்குக்கு 18 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்கிறேன். அப்பாவின் சேமிப்பு 4 லட்சம், எஃப்டி 3 லட்சம். பெரியப்பா 3.5 லட்சம் தந்தால் 28.5 லட்சம் வந்துவிட்டது. ஒரு பைசா பொய் இல்லை.

பெரியப்பாவின் பணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. யூகே மாணவர் விசாவுக்கு உங்கள் கணக்கும், பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கணக்கும், உங்களோடு வரும் துணைவரின் கணக்கும்தான் செல்லும். பெரியப்பா, மாமா, அண்ணன் ஆகியோரின் ஸ்டேட்மென்ட்டை "ஸ்பான்சர் கடிதம்" என்று வைத்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அவர் கோடீஸ்வரராகவே இருந்தாலும். அமெரிக்க விசாவில் உறவினர் ஸ்பான்சர் செய்யமுடியும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். எனவே அவர் பணம் உங்கள் கணக்குக்கே வந்துவிட வேண்டும். ரொக்கமாக வாங்காதீர்கள். 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ஒருவரிடமிருந்து ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, ஸ்டேட்மென்ட்டிலும் "ரொக்க வரவு" என்று விளக்கமில்லாமல் நிற்கும். அவர் கணக்கிலிருந்து நெஃப்ட்டில் அனுப்பட்டும். கூடவே, இந்தத் தேதியில் இன்ன தொகையைத் தம்பி மகனின் படிப்புக்காக, திருப்பி வாங்கும் எண்ணமில்லாமல் கொடுத்தேன் என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுக்கட்டும். அப்பாவின் உடன்பிறந்தவர் வரிச் சட்டப்படி உறவினர் என்பதால் இந்த அன்பளிப்புக்கு உங்களுக்கு வரி கிடையாது. அவர் திருப்பிக் கேட்பார் என்றால் அன்பளிப்பு என்று எழுதவேண்டாம், கைக்கடன் என்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்டி செல்லும், ஆனால் நினைத்த நேரத்தில் உடைத்து எடுக்கமுடியும் என்று இருக்கவேண்டும். வரிச்சலுகைக்காகப் போட்ட 5 வருட எஃப்டி பூட்டிய பணம், அது செல்லாது. பிஎஃப் பாஸ்புக், எல்ஐசி பாலிசி, சீட்டு, பங்கு, நகை மதிப்பீட்டுச் சான்று, நிலத்தின் மதிப்பு ஆகியவற்றையும் அப்படியே காட்டமுடியாது. கையில் எடுக்கக்கூடிய பணமாக அவை கணக்கில் வந்து விழுந்தால்தான் எண்ணிக்கையில் சேரும். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து அந்தப் பணத்தைக் கணக்கில் போட்டு, படிப்புக்கே செலவழிப்பது நேர்மையான வழிதான். அடகுச் சீட்டையும் பணம் வந்த வரியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதையும் ஏஜென்ட் சொல்லக்கூடிய இன்னொரு யோசனையையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். "எடிட் வேண்டாமென்றால் நாங்களே ஒரு மாதத்துக்கு உங்கள் கணக்கில் பணம் போடுகிறோம், கமிஷன் கொடுங்கள்" என்பார்கள். ஸ்டேட்மென்ட் உண்மை, பணம் உங்களுடையது அல்ல. பணம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும் என்பது விதி. அவர்களோ நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் கையெழுத்திட்ட காசோலையையும் முதலிலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள். ஃபோனில் நேர்காணல் செய்யும் அதிகாரி "இந்தத் தேதியில் வந்த 20 லட்சம் யார் கொடுத்தது" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. அங்கே போய் இறங்கியபின் வாடகை கட்டவும் பணம் இருக்காது.

அடுத்து 28 நாள். பணமெல்லாம் சேர்ந்து தேவையான தொகையைத் தொட்ட நாளிலிருந்து தொடர்ந்து 28 நாள் அதற்குக் கீழே ஒரு ரூபாய்கூட இறங்கக்கூடாது. சராசரி பார்ப்பதில்லை, மிகக் குறைந்த நாளைத்தான் பார்ப்பார்கள். ஜூன் 3-ஆம் தேதி பெரியப்பாவின் பணம் வந்து தொகை நிறைந்தது என்றால் ஜூன் 30-இல் 28 நாள் முடிகிறது. அந்தத் தேதியோடு முடியும் ஸ்டேட்மென்ட்டை வைத்து 31 நாளுக்குள், அதாவது ஜூலை 31-க்குள் விண்ணப்பித்துப் பணம் கட்டிவிட வேண்டும். நேர்மையாகப் பணம் வைத்திருந்தும் நிராகரிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். அப்பாவின் கணக்கில் 5-ஆம் தேதி வண்டிக் கடன் ஈஎம்ஐ தானாகப் போகும், நடுவில் யாராவது கல்யாணத்துக்கு 20,000 எடுப்பார்கள், ஒரே நாள் இருப்பு கீழே இறங்கும். அந்த ஒரு நாளால் 28 நாளும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அதனால் நான் சொல்வது, அப்பாவின் 4 லட்சத்தையும் உடைத்த எஃப்டி பணத்தையும் பெரியப்பாவின் பணத்தையும் உங்கள் பெயரில் ஒரு தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, 10.5 லட்சத்தையும் தொடாமல் வையுங்கள். ஈஎம்ஐ, யூபிஐ எதுவும் அதில் இணைக்காதீர்கள். வட்டியில் கொஞ்சம் நஷ்டம், பரவாயில்லை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. அப்பாவின் கணக்கைக் காட்டினால் அவருடைய சம்மதக் கடிதமும், உங்கள் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழும் கொடுக்கவேண்டும். நம் ஊரில் பலருடைய பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது. அப்பா பெயர் ஒரு எழுத்தில் மாறியிருக்கும், இனிஷியல் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. பள்ளி டிசியை அதற்குப் பதிலாக ஏற்கமாட்டார்கள். பணம் உங்கள் கணக்கிலேயே இருந்தால் இந்தச் சிக்கல் எதுவும் வராது.

ஸ்டேட்மென்ட்டை வங்கியிலிருந்து வந்தபடியே பதிவேற்றுங்கள். பக்கங்களைச் சேர்ப்பது, அளவைக் குறைப்பது என்று எந்த மென்பொருளிலும் போடாதீர்கள், உண்மையான கோப்பிலும் அதனால் மின் கையொப்பம் போய்விடும். சந்தேகமாக இருந்தால் கிளையில் முத்திரை, கையெழுத்து, தொடர்பு விவரத்தோடு ஒரு இருப்புச் சான்றிதழும் வாங்கி வையுங்கள்.

தேதிகளைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். கடனுக்கு ஆறு வாரம், 28 நாள் அதோடு சேர்ந்தே ஓடலாம், பிறகு விசா முடிவுக்குச் சில வாரம். இதற்குள் முடியாது என்று தோன்றினால் ஜனவரி சேர்க்கைக்கு மாற்றித் தரமுடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். அந்தப் படிப்பு ஜனவரியிலும் தொடங்குவதாக இருந்தால், பல இடங்களில் கட்டிய முன்பணத்தையும் அப்படியே மாற்றிக்கொள்வார்கள்.

கடைசியாக, விண்ணப்பத்தை உங்கள் சொந்த மின்னஞ்சலில், நீங்களே கடவுச்சொல் வைத்துத் தொடங்குங்கள். இதற்குள் ஏஜென்ட் அவருடைய மின்னஞ்சலில் தொடங்கி எதையாவது பதிவேற்றிவிட்டாரா என்று கேட்டு, முழுப் படிவத்தின் நகலையும் இணைத்த ஒவ்வொரு கோப்பையும் வாங்கிப் பாருங்கள். இன்னும் அனுப்பவில்லை என்றால் அதை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். அனுப்பிவிட்டார் என்றால் முடிவு வரும்வரை காத்திருக்காமல், யூகே-யில் பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகர் அல்லது வழக்கறிஞர் ஒருவரிடம் அந்த நகல்களோடு உடனே பேசுங்கள்.